நீலமா ஒளிர்ற வைரம்: ஈ கலரில எடுக்கிறதா, ஐ கலரில எடுக்கிறதா?

தங்கச்சிட மோதிரத்துக்குக் கல் பாக்க திருகோணமலை டவுன்ல ஒரு நகைக்கடைக்குப் போனம், அரை கரட் வட்டக் கல் நாலு எடுத்து வச்சாங்கள், ரெண்டு நிறமே இல்லாத ஈ கலர், ரெண்டு அதுக்குக் கீழ்த் தரமான ஐ கலர், கட்டும் கிளாரிட்டியும் எல்லாத்திலயும் ஒண்டுதான். ஒவ்வொரு சோடியிலயும் ஒரு கல்லுக்கு ஃபுளோரசன்ஸ் எண்ட அந்த நீல ஒளிர்வு இல்லை, மற்றதின்ர ரிப்போர்ட்ல ஸ்ட்ரோங் ப்ளூ எண்டு கிடக்கு. ஈ சோடியில அதுக்காக எழுபத்தையாயிரம் குறைச்சாங்கள், ஐ சோடியில பத்தாயிரம்தான். "ஒரே விஷயத்துக்கு ஏன் அண்ணா ரெண்டு கழிவு?" எண்டு தங்கச்சி கேட்டா.

வைரத்துக்குள்ள மூண்டு நைட்ரஜன் அணு ஒரு வெற்றிடத்தைச் சுத்தி நிக்கிற இடங்கள் இருக்கும், அதில புற ஊதா ஒளி பட்டா நீல வெளிச்சம் வரும். நீலம் மஞ்சளை அமத்தும். ஐ கலர்ல லேசான மஞ்சள் இருக்கிறபடியா அதுக்கு லாபம், கல் வெள்ளையாத் தெரியும். ஈ கலர்ல அமத்த மஞ்சளே இல்லை, அப்ப மிஞ்சிறது பயம் மட்டும்தான்.

அந்தப் பயம் என்னெண்டா, ஸ்ட்ரோங் ப்ளூ கல்லுகள்ல சிலது வெயில்ல பால் கலந்த மாதிரி மங்கும். மங்கிறதுக்கு அடிப்படை உள்ளுக்க இருக்கிற நுண்ணிய குறைகள் ஒளியைச் சிதறடிக்கிறது, ஃபுளோரசன்ஸ் அதை இன்னும் எடுத்துக் காட்டும். அப்பிடிக் கல் குறைவுதான், ஆனா உயர்ந்த கலருக்குக் காசு குடுக்கிற ஆக்கள் துளி சந்தேகமும் வேண்டாம் எண்டு மொத்தமா ஒதுக்க, தெளிவான கல்லுக்கும் சேத்து விலை விழுது. 1997ல ஜீஐஏ எண்ட அமெரிக்க ரத்தினக்கல் நிறுவனம் ஆக்களை வச்சுப் பாத்த ஆய்வில சாதாரண ஆக்களுக்கு வித்தியாசமே பிடிபடேல்ல, மேலால பாக்கேக்க ஸ்ட்ரோங் ப்ளூ கல்லுகள் நல்ல கலராத்தான் தெரிஞ்சுது.

கடை எல்ஈடி லைட்ல புற ஊதா இல்லாத மாதிரித்தான், அதால நாலும் ஒழுங்காத் தெரிஞ்சுது, புற ஊதா டோர்ச் அடிச்சாலும் நீலம் எரியுறது மட்டும்தான் தெரியும், மங்குமோ எண்டு தெரியாது. வாசலுக்குக் கொண்டு வந்து பதினொரு மணி வெயில்ல சோடி சோடியாப் பக்கத்தில வச்சம். ஸ்ட்ரோங் ஈயில பட்டைகளின்ர விளிம்பு கரைஞ்சு கறுப்பும் வெள்ளையும் ஒண்டாப் போச்சு, நிழலுக்கு எடுக்கத் திரும்பத் தெளிஞ்சுது. அது எழுபத்தையாயிரம் குறைச்சாலும் வேண்டாம். ஸ்ட்ரோங் ஐ வெயில்லயும் கூரா நிண்டுது, பக்கத்தில இருந்த வெறும் ஐயை விட வெள்ளை, அதையே எடுத்தம்.

ஒண்டு மட்டும் தங்கச்சிக்கு முதலே சொல்லிப்போட்டன், ராவில வீட்டு எல்ஈடியில அந்தக் கூடுதல் வெள்ளை வராது. லாப் ஆக்கள் கலர் பாக்கிற விளக்கிலயும் கொஞ்சம் புற ஊதா இருக்கு, அதால ராவில கல் ரிப்போர்ட்ல போட்ட கலரை விட ஒரு சொட்டு மஞ்சளாக்கூடத் தெரியலாம். அவ பகல்ல பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறவ, கூட நேரம் வெளிச்சத்திலதான், அதால பரவாயில்லை எண்டுட்டா.