ஏற்காடு ரிசார்ட் மெம்பர்ஷிப்: கைமாற்றுவதா, வழக்கா?

வருடாவருடம் தங்க அறை கிடைக்கும் என்று சேர்ந்து 3 லட்சம் கட்டியாச்சு; இப்போது வெளியே வரணும். ஆண்டுப் பராமரிப்பு 15,000, இன்னும் 20 வருடம். கட்டணம் ஏறாவிட்டாலும் மேலும் 3 லட்சம்!

செலவு: கைமாற்ற நிலுவையைத் தீர்த்து, பெரும்பாலும் பெயர்மாற்றக் கட்டணமும் கட்டணும். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. கம்பெனி எந்த ஊரானாலும், நீங்கள் சேலத்தில் குடியிருந்தால் அங்கேயே போடலாம்.

சிக்கல்: வாங்க ஆள் கிடைப்பது அரிது. "பார்ட்டி ரெடி, முன்பணம் போடுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். வழக்குக்குக் கெடு, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடம். மே மாத அறை கேட்டு "காலியில்லை" என்று வந்த மெயில்களே சாட்சி; வெறும் வாய்ப்பேச்சு நிற்பது கடினம்.

அறை தவறாமல் கிடைத்து, போகத்தான் நேரமில்லை என்றால் கைமாற்றுங்கள். சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்றால் ஆணையம். சேர்ந்து சில நாளே ஆனவர்களுக்கு இரண்டும் வேண்டாம்: ஒப்பந்தத்தில் ரத்துக்கெடு பார்த்து, இன்றே மெயிலும் பதிவுத் தபாலும்.