இரண்டு வாட்ஸாப் உள்ள போனைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களுக்கு: சேலத்தில் எங்கள் பட்டறைக்கு நேர்ந்தது

ஒரே போனில் இரண்டு எண்களுக்கு இரண்டு வாட்ஸாப் வைத்திருப்பவர்கள், அந்தப் போனை எந்தக் கடையில் கொடுப்பதற்கு முன்பும் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். திரை மாற்றக் கொடுத்த இடத்தில் எங்கள் இரண்டாவது வாட்ஸாப்பை அழித்தார்கள்; அழித்ததை மறைத்தார்கள்; பிறகு அதையே மீட்டுத் தருவதாகச் சொல்லி 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, எங்களிடம் ஏற்கனவே இருந்ததைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். கடை சேலம் புதிய பேருந்து நிலையத்தை ஒட்டிய பகுதியில் உள்ளது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

என் அக்காவும் மாமாவும் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறார்கள். வெளியூர் நகைக்கடைகளிலிருந்து மாடல் படம், எடை, வெள்ளியின் தூய்மையைக் குறிக்கும் டச்சு, கூலி எல்லாம் வாட்ஸாப்பில்தான் வந்து உறுதியாகும். குடும்ப எண் முதல் வாட்ஸாப்பிலும், பட்டறை எண் போனில் உள்ள டூயல் ஆப்ஸ் வசதி வழியாக உருவாக்கிய இரண்டாவது வாட்ஸாப்பிலும் இருந்தன. திரை உடைந்ததும், இரண்டு சின்னங்களையும் காட்டி, "தம்பி, இதுல ரெண்டாவதுதான் எங்க பொழப்பு, எதுவும் போயிடக் கூடாது" என்று சொல்லித்தான் அக்கா போனைக் கொடுத்தார். சிம் இரண்டையும் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை கடையிலிருந்து அழைத்து, "அக்கா, டிஸ்ப்ளே செக் பண்ணணும், பட்டறை நம்பருக்கு ஆறு இலக்கக் கோடு ஒண்ணு வரும், சொல்லுங்கக்கா" என்று கேட்டார்கள். அக்கா சொன்னார். அதே நேரத்தில் பட்டறைக் கணினியில் திறந்திருந்த வாட்ஸாப் வெப் தானாக வெளியேறிவிட்டது. போன் கைக்கு வந்தபோது இரண்டு சின்னங்களும் இருந்தன. பட்டறைக் கணக்கில் குழுக்களும் தொடர்புப் பெயர்களும் இருந்தன. உள்ளே ஓர் உரையாடல்கூட இல்லை. கேட்டதற்கு, "ரெண்டு நாள்ல பழைய மெசேஜ் எல்லாம் இறங்கிடும்" என்றார்கள்.

அது நடக்கவே நடக்காத காரியம். பெறுநருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட செய்தியை வாட்ஸாப் தன் சர்வரில் வைத்திருப்பதில்லை. போய்ச் சேராதவற்றை மட்டும் 30 நாள் வரை வைத்திருக்கும். குழுப் பட்டியல் சர்வரிலிருந்தும், பெயர்கள் போனின் தொடர்புப் பட்டியலிலிருந்தும் வருவதால், புதிதாக நிறுவிய வாட்ஸாப்பும் பார்வைக்குப் பழையதைப் போலவே இருக்கும். உரையாடல் இருப்பது வாட்ஸாப்பின் சர்வரில் அல்ல, போனுக்குள்தான். அதனால் குழுக்கள் தெரிகின்றனவே என்று ஆறுதல் அடையாமல், ஒரு பழைய வாடிக்கையாளரின் பக்கத்தைத் திறந்து மேலே தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போனை வாங்க வேண்டும்.

இங்கே ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். டூயல் ஆப்ஸ் என்பது அதே செயலிக்கு இன்னொரு சின்னம் வைப்பது அல்ல. ஆண்ட்ராய்டு அதற்காகப் போனுக்குள் இன்னொரு பயனரையே உருவாக்குகிறது. போனின் உரிமையாளர் பயனர் 0. ஷாவ்மி, ரெட்மி போன்களில் டூயல் ஆப்ஸுக்கான அந்த இரண்டாவது பயனரின் இடத்துக்கு எண் 999, சாம்சங்கின் டூயல் மெசஞ்சரில் 95, அலுவலகங்கள் அமைத்துத் தரும் வொர்க் ப்ரொஃபைலில் பெரும்பாலும் 10. வாட்ஸாப் தன் காப்புக் கோப்புகளை `Android/media/com.whatsapp/WhatsApp/Databases` என்ற கோப்புறையில் வைக்கும். இரண்டு வாட்ஸாப்பிலும் பாதையின் இந்தப் பகுதி ஒன்றுதான். ஆனால் முதல் வாட்ஸாப்புக்கு அது `/storage/emulated/0` என்பதன் கீழும், இரண்டாவதற்கு `/storage/emulated/999` போன்ற வேறோர் இடத்தின் கீழும் இருக்கும். யூஎஸ்பி கேபிள் போட்டுக் கணினியில் பார்த்தால் முதலாவது மட்டுமே கண்ணில் படும். கடைகளில் கேபிள் போட்டு "முழு பேக்கப் எடுத்துட்டோம்" என்று சொல்லும்போது, பெரும்பாலும் எடுத்திருப்பது அந்த முதல் இடத்தை மட்டும்தான்.

நடந்தது என்ன என்பதைப் போனே சொல்லிவிட்டது. டெவலப்பர் ஆப்ஷனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை இடும் ஏடிபி கருவியை நிறுவிய கணினியில் இணைத்து இந்த இரண்டு கட்டளைகளை இட்டேன்:

```
adb shell pm list users
adb shell dumpsys user
```

முதல் கட்டளை போனில் உள்ள பயனர்களைப் பட்டியலிடும். இரண்டாவதின் வெளியீட்டில் ஒவ்வொரு பயனருக்கும் `Created:` என்று தொடங்கும் வரியில், அந்த இடம் உருவாகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது இருக்கும். அக்கா பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த இரண்டாவது இடம், போன் கடையில் இருந்த அதே பிற்பகலில் உருவானதாக அந்த வரி காட்டியது. அந்த ஆறு இலக்கக் கோடு வந்த குறுஞ்செய்தி அதற்குச் சற்று நேரம் கழித்து வந்திருந்தது. அதாவது சேமிப்பு இடம் நிரம்பியிருந்ததைப் பார்த்து டூயல் ஆப்ஸ் பகுதியையே நீக்கியிருக்கிறார்கள். பிறகு அக்கா காட்டிய இரண்டாவது சின்னம் நினைவுக்கு வந்து, அதைப் புதிதாக உருவாக்கி, எண்ணைப் பதிவுசெய்யக் கோடு கேட்டிருக்கிறார்கள். திரையைச் சோதிப்பதற்கு வாட்ஸாப் கோடு ஒருபோதும் தேவைப்படாது. இருக்கும் வாட்ஸாப் இருந்தபடியே இருந்தால் அது மறுபடி கோடு கேட்காது. கோடு வருகிறது என்றாலே யாரோ அந்த எண்ணை வேறு நிறுவலில் பதிவுசெய்கிறார்கள் என்று பொருள்.

எனக்கு இதில் மிகவும் ஆற்றாமையாக இருப்பது அந்தக் கோடுதான். வாட்ஸாப் வெப்பில் கடந்த சில மாத உரையாடல்கள் கணினியிலும் இருந்தன. போன் இணைப்பில் இல்லாவிட்டாலும் அது 14 நாள் வரை இயங்கும். ஆகவே போனில் அழிந்த பிறகும், கணினியிலிருந்து ஆர்டர் விவரங்களைப் பார்த்து எழுதிக்கொள்ள எங்களுக்கு வாய்ப்பு இருந்தது. எண்ணைப் புதிதாகப் பதிவுசெய்த அந்த நொடியில் இணைந்த கணினி துண்டிக்கப்பட்டு, அங்கிருந்ததும் போய்விட்டது. செய்த தவற்றை உடனே ஒப்புக்கொண்டிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். மறைக்க முயன்றதால்தான் கடைசிப் பிரதியும் அழிந்தது. யாருக்காவது இப்படி ஆனால், அந்த எண்ணை எதிலும் மறுபடி பதிவுசெய்வதற்கு முன் இணைந்த கணினியில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக மீட்பு என்ற பெயரில் நடந்தது. "லேப்ல குடுத்தா எடுத்துடலாம்" என்று சொல்லி மாமாவிடம் முன்பணமாகவே 3,500 ரூபாய் வாங்கினார்கள். திருப்பித் தந்த பென்டிரைவில் ஒரு வாட்ஸாப் கோப்புறையும், அதில் தேதியிட்ட `.crypt14` காப்புக் கோப்புகளும், ஏராளமான படங்களும் இருந்தன. பார்த்தவுடன் மாமாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. படங்களைத் திறந்தால் அத்தனையும் கல்யாண வீட்டுப் படங்கள், பள்ளிக் குழு அறிவிப்புகள். கொலுசு மாடல் ஒன்றுகூட இல்லை. போனின் முதல் வாட்ஸாப் கோப்புறையில் அதே தேதியிட்ட கோப்பைக் கணினிக்கு எடுத்து, இரண்டுக்கும் இந்த விண்டோஸ் கட்டளையைத் தனித்தனியாக இட்டேன். கோப்பின் பெயரை மட்டும் உங்கள் கோப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

```
certutil -hashfile backup.crypt14 SHA256
```

கோப்பின் உள்ளடக்கத்தை வைத்து இந்தக் கட்டளை கணக்கிட்டுத் தரும் நீண்ட எண்ணெழுத்து வரிசை, இரண்டுக்கும் ஓரெழுத்தும் மாறாமல் ஒன்றாக இருந்தது. எனவே அவர்கள் எதையும் மீட்கவில்லை. எங்கள் குடும்ப எண்ணின் கோப்புறையை அப்படியே பிரதி எடுத்துத் தந்திருக்கிறார்கள். வாட்ஸாப் இந்தக் கோப்புகளைத் தேதியிட்டுச் சில நாட்களுக்கு மட்டுமே வைத்திருந்து பழையதை அழித்துவிடும் என்பதால், ஒப்பிட விரும்புபவர்கள் பென்டிரைவ் கைக்கு வந்த அன்றே ஒப்பிட்டுவிடுவது நல்லது. கோப்பின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டு வாட்ஸாப்பும் ஒரே மாதிரிதான் பெயரிடும்.

உண்மையிலேயே ஒரு லேபுக்குப் போயிருந்தாலும் கிடைத்திருக்காது. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு பயனரின் கோப்புகளையும் தனித்தனிச் சாவிகளால் பூட்டி வைக்கிறது. 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்த இந்த முறை, ஆண்ட்ராய்டு 10-உடன் வெளியாகும் புதிய போன்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. இரண்டாவது பயனரை நீக்கும்போது அந்தப் பயனரின் சாவிகளும் அழிக்கப்படுகின்றன. நினைவகத்தில் பழைய தரவின் எச்சம் இருந்தாலும் அதைப் படிக்க வழி இல்லை. வொர்க் ப்ரொஃபைலை நீக்கினாலும் இதே கதிதான். ஆகையால், நீக்கப்பட்ட இரண்டாவது இடத்தைப் பணத்துக்கு மீட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

போனைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது, இரண்டாவது வாட்ஸாப்பைத் திறந்து, அதன் அமைப்புகளில் `Chats`, பிறகு `Chat backup` பக்கத்தைப் பார்ப்பது. போனிலேயே எடுத்த காப்பின் தேதி அங்கே இருந்தாலும் அது போதாது, ஏனென்றால் அந்தக் காப்பும் அதே இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. இடம் போனால் அதுவும் சேர்ந்து போகும். கூகுள் காப்பின் தேதிதான் முக்கியம். முதல் வாட்ஸாப்பில் கூகுள் காப்பை இயக்கியிருப்பது இரண்டாவதைத் தொடாது. இரண்டாவதில் தனியாக ஒரு கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுத்து, `Back up` அழுத்தி, தேதி மாறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சில போன்களில் இரண்டாவது இடத்தில் கூகுள் கணக்கே சேர்க்க முடியாமல் போகலாம். அப்படியானால் முக்கியமான வாடிக்கையாளர்களின் உரையாடலை ஒவ்வொன்றாக `Export chat` மூலம் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். இருபடிச் சரிபார்ப்பின் ஆறு இலக்கப் பின் எண்ணையும் இரண்டு வாட்ஸாப்பிலும் தனித்தனியாக அமைக்க வேண்டும். அது இருந்தால், கோடு கைக்குக் கிடைத்தாலும் அந்தப் பின் எண் தெரியாதவர் வாட்ஸாப் எண்ணைப் பதிவுசெய்வது தடைபடும்.

இப்போது அக்கா ஒவ்வொரு நகைக்கடைக்கும் அழைத்து, அவர்கள் பக்கம் உள்ள உரையாடலை `Export chat` செய்து அனுப்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலோர் அனுப்பிவிட்டார்கள், கூலி பேசியதில் ஒருவரோடு மட்டும் கருத்து வேறுபாடு தீரவில்லை. சேவைக் குறைபாட்டுக்காகவும், மீட்பு என்று சொல்லி வாங்கிய பணத்துக்காகவும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் இல்லை. நிகழ்ந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கோடு வந்த குறுஞ்செய்தி, கட்டளைகளின் வெளியீடு, பென்டிரைவ், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளோம். கடைக்காரர் தந்த வேலைச் சீட்டில் "டிஸ்ப்ளே மாற்றம்" என்று மட்டுமே எழுதியிருக்கிறது. நீங்கள் கொடுக்கும்போது அதே சீட்டில் "டூயல் ஆப்ஸில் இரண்டாவது வாட்ஸாப் உள்ளது, நீக்கக் கூடாது" என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.