டிரான்ஸ்பார்மரை ஏற்றும்போது வீண் ட்ரிப்: இரண்டாம் ஹார்மோனிக் தடுப்பின் மாற்று அமைப்புகள், ஓர் ஒப்பீடு

டிரான்ஸ்பார்மரின் பிரேக்கரை மூடியவுடன், எந்தப் பழுதும் இல்லாமலே, இரு பக்க மின்னோட்டங்களையும் ஒப்பிடும் டிஃபரென்ஷியல் ரிலே இயங்கி ட்ரிப் ஆவதற்கான காரணம் கோரில் இருக்கிறது. மின்னழுத்தம் சுழியத்தைக் கடக்கும் கணத்தில் பிரேக்கர் மூடினால், கோரின் காந்தப்பாயம் வழக்கமான உச்சத்தைப் போல் இரு மடங்கை எட்ட முயல்கிறது. முன்பு அணைத்தபோது எஞ்சிய காந்தப்பாயமும் அதே திசையில் இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ள, கோர் ஆழமாக நிறைவுற்று, முழுச் சுமை மின்னோட்டத்தின் பல மடங்கான இன்ரஷ் மின்னோட்டம் பாய்கிறது. இது மின்னேற்றும் பக்கத்தில் மட்டுமே பாய்வதால், ரிலேயின் சரிவுக் கோட்டை எவ்வளவு செங்குத்தாக வைத்தாலும் பயனில்லை. ஒரு பக்க மின்னோட்டம் முழுவதும் வேறுபாட்டு மின்னோட்டமாகவே ரிலேக்குத் தெரியும்.

ஆகவே மின்னோட்டத்தின் அளவைக் கொண்டு பிரிக்க முடியாததை அதன் வடிவத்தைக் கொண்டு பிரிக்க வேண்டியிருக்கிறது. இன்ரஷ் ஒரே திசையில் எழும் கூம்புகளாகவும், கூம்புகளுக்கு இடையே தட்டையான இடைவெளிகளாகவும் அமைவதால், அதில் அடிப்படை அலையின் இரு மடங்கு அதிர்வெண் கொண்ட இரண்டாம் ஹார்மோனிக் மிகுதி. அது அடிப்படை அலையின் 15 விழுக்காட்டைத் தாண்டினால் ட்ரிப்பைத் தடு என்பதே பரவலான அமைப்பு. சிக்கல் என்னவென்றால், இன்றைய குறை இழப்பு எஃகுக் கோர்களில் ஏதேனும் ஒரு ஃபேஸில் இந்த விகிதம் 15-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்தே மாற்று வழிகளை எடைபோடலாம். 40 எம்.வி.ஏ., 132/33 கே.வி., உயர் அழுத்தப் பக்கம் ஸ்டார், தாழ் அழுத்தப் பக்கம் டெல்டா. உயர் அழுத்தப் பக்க முழுச் சுமை மின்னோட்டம் 175 ஆம்பியர். ரிலே இயங்கத் தொடங்கும் பிக்-அப் முழுச் சுமை மின்னோட்டத்தின் 0.2 மடங்கு, இரண்டாம் ஹார்மோனிக் வரம்பு 15 விழுக்காடு, ஒவ்வொரு ஃபேஸும் தன்னை மட்டுமே தடுத்துக்கொள்ளும் அமைப்பு. ஏற்றியபோது கிடைத்த பதிவில், மூன்று ஃபேஸுக்கும் பொதுவான சுழிய வரிசைக் கூறை நீக்கிய பிறகு, அடிப்படை அலை ஆர் ஃபேஸில் 3.1 மடங்கு, ஒய்யில் 2.6, பி-யில் 1.6 என்றும், ஹார்மோனிக் விகிதம் முறையே 28, 27, 11 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். ஆர், ஒய் இரண்டும் தடுக்கப்பட, மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்த பி ஃபேஸே ட்ரிப் கொடுத்துவிட்டது.

முதலில் பலருக்கும் தோன்றுவது வரம்பை 10-க்குக் குறைப்பது. இந்தப் பதிவுக்கு அது போதும். ஆனால் இடைவெளி ஒரே ஒரு விழுக்காடு. பிரேக்கர் மூடும் கணமும் எஞ்சிய காந்தப்பாயமும் ஒவ்வொரு முறையும் மாறுவதால், அடுத்த முறை பி ஃபேஸில் 8 விழுக்காடு வந்தாலும் வியப்பதற்கில்லை. மறுபுறம், உண்மையான உட்பழுதின்போது, மின்னோட்டத்தை அளந்து ரிலேக்குத் தரும் சி.டி. நிறைவுற்றால் அதன் திரிந்த அலையிலும் இரண்டாம் ஹார்மோனிக் தோன்றும். வரம்பு தாழத் தாழ, அந்தப் பழுதைத் தீர்ப்பதும் தாமதமாகும். ஒரே ஒரு பதிவைப் பார்த்து வரம்பைக் கீழே இழுப்பதை நான் ஏற்பதில்லை.

இரண்டாவது வழி கிராஸ் பிளாக்கிங். ஏதேனும் ஒரு ஃபேஸ் வரம்பைத் தாண்டினால் மூன்றையும் தடுப்பது இது. நம் எடுத்துக்காட்டில் ஆர் ஃபேஸின் 28 விழுக்காடே பி-யையும் காத்துவிடும். வீண் ட்ரிப்புக்கு எதிராக இதைவிட உறுதியான அமைப்பு அரிது. ஆனால் இதற்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். பி ஃபேஸ் சுருளில் சில சுற்றுகள் குறுக்கிணைந்த நிலையிலேயே டிரான்ஸ்பார்மரை ஏற்றிவிட்டோம் என்று கொள்வோம். அந்த ஃபேஸின் ரிலே பழுதைச் சரியாக அடையாளம் கண்டாலும், நலமான மற்ற இரு ஃபேஸ்களின் இன்ரஷ் அதன் வாயை அடைத்துவிடுகிறது. பெரிய டிரான்ஸ்பார்மர்களில் இன்ரஷ் தணியப் பல நொடிகள் ஆகலாம்; அத்தனை நேரமும் ஆர்க் எண்ணெய்க்குள் எரிந்துகொண்டிருக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே இரு ஃபேஸ்கள் வரம்பைத் தாண்டினால் மூன்றையும் தடுக்கும் ‘மூன்றில் இரண்டு’ என்ற முறையும், மூன்று விகிதங்களின் சராசரி வரம்பைத் தாண்டினால் தடுக்கும் சராசரி முறையும் சமரசமாகச் சொல்லப்படுகின்றன. கணக்குப் போட்டால் சமரசம் தோன்றும் அளவுக்கு இல்லை. சராசரி (28+27+11)/3, அதாவது 22, தடுப்பு கிடைக்கிறது. பி ஃபேஸில் பழுது வந்து அதன் விகிதம் 3-க்கு இறங்கி, மற்ற இரண்டும் அப்படியே இருந்தால் சராசரி 19. அப்போதும் தடுப்பு நீடிக்கிறது. ‘மூன்றில் இரண்டு’ முறையிலும் ஆர், ஒய் இரண்டும் வரம்புக்கு மேலே இருப்பதால் விளைவு அதேதான். பழுதை மறைக்கும் குறை கிராஸ் பிளாக்கிங்குக்கு மட்டும் உரியது என்று எண்ணி இவற்றுக்கு மாறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அலை வடிவத்தின் தட்டை இடைவெளியைத் தேடும் முறை வேறு வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ கால் சுழற்சி நேரம் மின்னோட்டம் சுழியத்தை ஒட்டி நின்றால் அது இன்ரஷ் என்று ரிலே முடிவெடுக்கிறது. ஹார்மோனிக் விகிதம் குறைந்தாலும் இது கைகொடுக்கும். ஆனால் ஒரே திசை மின்னோட்டம் சில சுழற்சிகளில் சி.டி.யையும் நிறைவுறச் செய்யும்போது, இரண்டாம் பக்கத்தில் அந்த இடைவெளி சுழியத்தை விட்டு நகர்ந்துவிடும். சுழிய வரிசை நீக்கத்தில் மற்ற ஃபேஸ்களின் அலை கலப்பதும் இடைவெளியைக் குறுக்கும். ஆகவே இதைத் துணையாக வைக்கலாம், தனித்து நம்புவது கடினம். ட்ரிப்புக்குத் தாமதம் சேர்ப்பதும் பிக்-அப்பை உயர்த்துவதும் பேச்சுக்கே இடமில்லாதவை. சிறு உட்பழுதைப் பிடிப்பதற்காகத்தான் இந்த ரிலேயே இருக்கிறது.

என் தேர்வு, காலவரம்பிட்ட கிராஸ் பிளாக்கிங். தடுப்பு தொடங்கிக் குறிப்பிட்ட சில சுழற்சிகள் வரை மூன்று ஃபேஸும் சேர்ந்து தடுக்கப்படும். அதன்பின் ஒவ்வொன்றும் தன் விகிதத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். இன்ரஷ் தணியத் தணிய ஹார்மோனிக் விகிதம் பொதுவாக உயர்வதுதான் இது பலிப்பதற்கான காரணம். பதிவில் பி ஃபேஸ் ஆறாவது சுழற்சியில், அதாவது 50 ஹெர்ட்ஸில் 120 மில்லி நொடியில், 15-ஐத் தாண்டியிருந்தால், பத்து சுழற்சி வரம்பு போதிய இடம் தரும். பழுதுடன் ஏற்றிவிட்டாலும், பழுதுற்ற ஃபேஸின் ஹார்மோனிக் விகிதம் வரம்புக்குக் கீழே இருக்கும்வரை, கூடுதல் தாமதம் 200 மில்லி நொடியோடு முடிகிறது. ஸ்டார் பக்கச் சுருளிலிருந்து நிலத்துக்குப் பாயும் பழுதுக்கு ஹார்மோனிக் தடுப்பில்லாத ரெஸ்டிரிக்டெட் எர்த் ஃபால்ட் ரிலேயும், சுற்றிடைப் பழுதுக்கு, எண்ணெயில் எழும் வாயுவை உணரும் புக்கோல்ஸும் அந்த இடைவேளையிலும் விழித்திருக்கின்றன.

கடும் பழுதுக்காக இருக்கும், ஹார்மோனிக் தடுப்புக்கு உட்படாத உயர் வரம்பைக் குறிக்கும்போது, ரிலே உச்ச மதிப்பைப் பார்க்கிறதா, அடிப்படை அலையைப் பார்க்கிறதா என்பதைக் கையேட்டில் உறுதிசெய்ய வேண்டும். அரை அலை போன்ற இன்ரஷில் அடிப்படை அலையின் வீச்சு உச்சத்தின் பாதிதான். உச்சம் முழுச் சுமை உச்சத்தின் 10 மடங்கு என்றால், அடிப்படை அலையைப் பார்க்கும் ரிலேக்கு அது 5 மடங்கே. அங்கே வரம்பை 8-இல் வைக்கலாம். அதே 8 உச்சத்தைப் பார்க்கும் ரிலேயில் இருந்தால், மேலே சொன்ன எந்தத் தடுப்பும் உதவாமல் உடனே ட்ரிப் ஆகும்.

அமைப்பை மாற்றிய பின் பழைய பதிவை COMTRADE கோப்பாகச் சோதனைக் கருவியில் ஏற்றி ரிலேக்குள் மீண்டும் செலுத்திப் பார்ப்பது, அடுத்த ஏற்றத்துக்காகக் காத்திருப்பதைவிட மேலானது. சுருள் மின்தடைச் சோதனை முடிந்து முதன்முறை ஏற்றும்போது மட்டும் ட்ரிப் வருகிறது என்றால், அமைப்பைத் தொடுவதற்கு முன் சோதனையின் நேர் மின்னோட்டம் கோரில் விட்டுச்சென்ற காந்தத்தை நீக்குங்கள். அங்கே குற்றம் ரிலேயில் இல்லை.