சி.எஸ்., சி.ஏ., சி.எம்.ஏ.: பட்டம் முடித்தவர் எதைப் பிடிப்பது?

பட்டப்படிப்பு முடித்ததும் கம்பெனி செக்ரட்டரி எனும் சி.எஸ்., பட்டயக் கணக்காளர் எனும் சி.ஏ., செலவுக் கணக்காளர் எனும் சி.எம்.ஏ. ஆகிய மூன்றில் எதில் சேரலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பாஸ் ஆகும் விகிதத்தையும் சம்பளத்தையும்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறொன்று: எந்தக் காகிதத்தில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் செல்லும் என்று சட்டம் சொல்கிறது? எப்படிப்பட்ட ஊரில், எப்படிப்பட்ட நிறுவனத்தில் வேலை கிடைக்கும் என்பதை அந்தக் கையெழுத்துதான் தீர்மானிக்கிறது.

சி.ஏ.வுக்கு அது தணிக்கை அறிக்கை. இந்தியாவில் பதிவான எந்தக் கம்பெனியானாலும், எவ்வளவு சிறியதானாலும், அதன் கணக்கைச் சட்டப்படி தணிக்கை செய்து கையெழுத்திடப் பட்டயக் கணக்காளரால் மட்டுமே முடியும். வருமான வரிச் சட்டப்படியான தணிக்கையும் அவரிடம்தான் போகும். சி.எம்.ஏ.வுக்குரியது செலவுத் தணிக்கை. சிமென்ட், சர்க்கரை, மருந்து, உரம் போன்ற குறிப்பிட்ட துறைகளில், குறிப்பிட்ட விற்றுமுதலைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மட்டும் அது பொருந்தும். சி.எஸ்.ஸுக்குச் சட்டம் கொடுத்திருப்பது கையெழுத்தோடு ஒரு நாற்காலியும்கூட.

அந்த நாற்காலியைத் தருவது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 203ஆம் பிரிவும் அதன் விதிகளும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயைத் தொடும் பப்ளிக் கம்பெனியும் முழுநேர கம்பெனி செக்ரட்டரியை வைத்திருக்க வேண்டும். பிரைவேட் கம்பெனிக்கும் அதே 10 கோடிதான் வரம்பு. 2020 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பதவி காலியானால் ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும், தவறினால் கம்பெனிக்கும் இயக்குநர்களுக்கும் அபராதம்.

இங்கே கவனிக்க வேண்டியது, வரம்பு செலுத்தப்பட்ட மூலதனத்தைப் பொறுத்தது, விற்றுமுதலைப் பொறுத்தது அல்ல. திருப்பூரில் ஆண்டுக்கு 200 கோடிக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு பிரைவேட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மூன்று சகோதரர்கள் போட்ட மூலதனம் 2 கோடி, மீதியெல்லாம் வங்கிக் கடன். இந்தக் கம்பெனி முழுநேர சி.எஸ். வைக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டத் தணிக்கைக்கும் வரித் தணிக்கைக்கும் சி.ஏ. கட்டாயம் வேண்டும். அதனால்தான் சின்ன ஊரிலும் பத்து சி.ஏ. அலுவலகங்கள் ஓடுகின்றன, சி.எஸ். வேலைகளோ சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, மும்பை என்று பெரிய கம்பெனிகளின் பதிவு அலுவலகம் இருக்கும் நகரங்களில் குவிகின்றன.

அதே திருப்பூர் கம்பெனி, தனியாகத் தொழில் செய்யும் ஒரு சி.எஸ்.ஸிடம் வேறு வழியாக வந்து சேரும். விற்றுமுதல் 50 கோடியைத் தாண்டுவதால் அதன் ஆண்டறிக்கைப் படிவத்தோடு MGT-8 சான்றிதழ் வேண்டும், அதைத் தொழில்புரியும் சி.எஸ்.தான் தர முடியும். வங்கிக் கடன் நிலுவை 100 கோடியைத் தொட்டால், கம்பெனி சட்டங்களைக் கடைப்பிடிக்கிறதா என்று பார்க்கும் செக்ரட்டேரியல் ஆடிட்டும் கட்டாயமாகும். சொந்த ஊரிலேயே இருந்து தொழில் செய்ய நினைப்பவர் இந்த வரம்புகளை வைத்துத் தன் மாவட்டத்தில் எத்தனை கம்பெனிகள் தேறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பல மாவட்டங்களில் எண்ணிக்கை குறைவாகவே வரும். சொந்த ஊரைவிட்டு நகர முடியாதவருக்கு சி.ஏ.தான் பாதுகாப்பான தேர்வு என்பது எங்கள் கருத்து.

நுழைவாயில் யாருக்குத் திறந்திருக்கிறது?

பி.எஸ்சி. கணிதத்தில் 56 சதவீதம் வாங்கிய ஒருவரை வைத்துப் பார்ப்போம். சி.ஏ. இன்டர்மீடியட்டில் நேரடியாகச் சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம் போதும், மற்றப் பட்டதாரிகளுக்கு 60 வேண்டும். ஆகவே இவர் பவுண்டேஷன் தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும். சி.எம்.ஏ. இன்டர்மீடியட்டில் பட்டத்தை வைத்தே சேர்ந்துவிடலாம். சி.எஸ்.ஸில் 50 சதவீதம் எடுத்த பட்டதாரிக்கு சி.எஸ்.இ.இ.டி. நுழைவுத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. நேரே எக்ஸிகியூட்டிவ் நிலைக்குப் பதிவு செய்யலாம்.

எக்ஸிகியூட்டிவ் நிலையில் 2022 பாடத்திட்டப்படி ஏழு பேப்பர்கள். முதல் குரூப்பில் நான்கு, இரண்டாவதில் மூன்று. அடுத்த புரொஃபஷனல் நிலையிலும் இதே நான்கும் மூன்றும்தான். ஒவ்வொரு பேப்பரிலும் 40 எடுக்க வேண்டும், அதோடு குரூப்பின் மொத்தத்தில் பாதியும் வர வேண்டும். பலரைக் கவிழ்ப்பது இந்த இரண்டாவது நிபந்தனை. முதல் குரூப்பில் ஒருவர் 44, 47, 61, 45 எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். எல்லாப் பேப்பரிலும் 40ஐத் தாண்டிவிட்டார், ஆனால் கூட்டினால் 197. தேவை 200 என்பதால் குரூப் போய்விட்டது. 60ஐத் தொட்டதால் அந்த 61 வாங்கிய பேப்பரை மட்டும் மறுபடி எழுத வேண்டியதில்லை. நான்கிலும் தேறினால் போதும் என்று படிப்பவர் இந்த மூன்று மதிப்பெண்ணில்தான் ஆறு மாதம் இழக்கிறார். பலமான ஒரு பேப்பரை 65 பக்கம் தள்ளி வைப்பதுதான் இதற்கு மாற்று.

யார் எந்தப் பேப்பரில் தடுமாறுவார் என்பதையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கலை, அறிவியல் பட்டதாரிக்கு கார்ப்பரேட் அக்கவுண்டிங் பேப்பர்தான் சுவர். அவர் ஜர்னல் பதிவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வணிகவியல் பட்டதாரிக்குக் கணக்கு வரும், ஆனால் சட்டக் கேள்விக்குப் பதில் எழுதும் முறை வராது. கேள்வி ஒரு சம்பவத்தைச் சொல்லி முடிவைக் கேட்கும். அதற்குப் பொருந்தும் பிரிவு, அந்தப் பிரிவு விதிக்கும் நிபந்தனை, சம்பவத்தில் அது நிறைவேறியதா, ஆகவே முடிவு என்ன என்ற வரிசையில் எழுத வேண்டும். தெரிந்த சட்டத்தையெல்லாம் இரண்டு பக்கம் எழுதிவிட்டு முடிவைச் சொல்லாமல் விட்டால் பாதி மதிப்பெண்கூட வராது.

பழைய புத்தகம் வாங்குவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. தேர்வுக்கு ஆறு மாதம் முன்புவரை வந்த சட்டத் திருத்தங்கள் பாடத்தில் சேரும். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். சீனியரிடம் பாதி விலைக்குக் கிடைக்கும் 2024 பதிப்பை இந்தப் பேப்பர்களுக்கு நம்பவே கூடாது.

காலக் கணக்கு

சி.எஸ். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. டிசம்பரில் எக்ஸிகியூட்டிவ் இரண்டு குரூப்பும் எழுத மே 31க்குள் பதிவு செய்திருக்க வேண்டும். ஜூலை 31க்குள் பதிவு செய்தால் ஒரு குரூப் மட்டும்தான். கல்லூரி ரிசல்ட் வந்தபின் நிதானமாகச் சேர்பவர்கள் இந்த இடத்திலேயே ஒரு குரூப்பைத் தள்ளிப் போடுகிறார்கள்.

நம் கணிதப் பட்டதாரி 2026 ஜூலையில் பதிவு செய்கிறார் என்போம். டிசம்பரில் ஒரு குரூப், 2027 ஜூனில் மற்றொன்று. ஆகஸ்ட் இறுதியில் ரிசல்ட். இரண்டும் தேறினால் செப்டம்பரில் 21 மாத செய்முறைப் பயிற்சியைத் தொடங்கலாம். பயிற்சி ஓடும்போதே புரொஃபஷனல் தேர்வை எழுத முடியும். 2028இல் இரண்டு அட்டெம்ப்டில் இரண்டு குரூப்பையும் முடித்தால், 2029 நடுவில் பயிற்சியும் முடிந்து உறுப்பினர் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆக, எங்கும் சறுக்காவிட்டால் மூன்று வருடம். எக்ஸிகியூட்டிவில் ஒரு குரூப் தவறினால் பயிற்சியின் தொடக்கமே ஆறு மாதம் தள்ளிப் போகும். புரொஃபஷனலில் முதல் தடவை தவறினால் பயிற்சிக் காலத்துக்குள்ளேயே சரிக்கட்ட வாய்ப்பு இருக்கிறது. முழு பலத்தையும் எக்ஸிகியூட்டிவில் போடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சி.ஏ.வில் வரிசை வேறு. நேரடியாகச் சேர்பவர் இன்டர்மீடியட்டுக்கு எட்டு மாதம் படித்து, இரண்டு குரூப்பையும் முடித்து, இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி செய்து, அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும். காகிதத்தில் மூன்றேகால் வருடம் என்றாலும், கடைசித் தேர்வு பயிற்சிக்குப் பின்னால் வருவதால் அங்கே தவறும் ஒவ்வொரு அட்டெம்ப்டும் அப்படியே கூடுதல் காலமாகும். சி.எம்.ஏ.வில் இன்டரில் எட்டு, ஃபைனலில் எட்டு என்று பேப்பர் அதிகம். பயிற்சி 15 மாதம் மட்டுமே. ஏற்கெனவே தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலையில் இருப்பவருக்கு அது நன்றாகப் பொருந்தும்.

சி.எஃப்.ஏ.வையும் இதே தட்டில் வைத்துப் பேசுவார்கள். அது முதலீட்டு ஆய்வுக்கும் நிதி மேலாண்மைக்கும் நல்ல தகுதி. மூன்று நிலைத் தேர்வு, 4,000 மணி நேரப் பணி அனுபவம், கட்டணம் டாலரில். இந்தியச் சட்டம் அதற்கென்று எந்தக் கையெழுத்தையும் ஒதுக்கவில்லை. வேலை கிடைப்பது முழுக்கச் சந்தையின் கையில்.

வேலை உங்களுக்குப் பிடிக்குமா?

ஒரு கம்பெனியில் புதிய இயக்குநரை நியமிப்பதை வைத்தே சி.எஸ்.ஸின் அன்றாடத்தைப் புரிந்துகொள்ளலாம். போர்டு மீட்டிங்குக்கு ஏழு நாள் முன்பு நோட்டீஸும் அஜெண்டாவும் போக வேண்டும். அதற்கு முன்பே அந்த நபரிடம் DIR-2 சம்மதக் கடிதமும், தகுதியிழப்பு எதுவும் இல்லை என்ற DIR-8 உறுதிமொழியும் வாங்க வேண்டும். மீட்டிங்கில் கோரம் எனும் குறைந்தபட்ச வருகை இருக்கிறதா என்று பார்த்து, தீர்மானம் நிறைவேறியதும் 15 நாளுக்குள் மினிட்ஸின் வரைவை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்பி, 30 நாளுக்குள் DIR-12 படிவத்தை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் ஏற்ற வேண்டும். இதில் தவறு எங்கே நடக்கும் என்றால், சம்மதக் கடிதத்தின் தேதி மீட்டிங் தேதிக்குப் பிந்தியதாக இருக்கும், அல்லது கையெழுத்திட வேண்டிய இயக்குநரின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும், அது கடைசி நாளில்தான் தெரியவரும். தேதிகளையும் வாசகங்களையும் இப்படி ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது அலுப்பாகத் தோன்றினால் சி.எஸ். வேண்டாம். லெட்ஜரையும் பேலன்ஸ் ஷீட்டையும் பிரித்து எண் எங்கே ஒட்டவில்லை என்று தேடுவது பிடிக்குமானால் சி.ஏ. பக்கம் போங்கள்.

சி.எஸ். என்று முடிவெடுத்தவர் பயிற்சி இடத்தைத் தேர்வில் காட்டும் அதே அக்கறையோடு தேட வேண்டும். படிவம் ஏற்றுவதையே தொழிலாகக் கொண்ட சிறிய அலுவலகத்தில் 21 மாதமும் கழித்தவர் கம்பெனியின் ஆண்டுப் படிவங்களான AOC-4, MGT-7 இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார். ஆனால் பட்டியலிடப்பட்ட கம்பெனியின் நேர்காணலில், நிதிநிலை முடிவு வெளியிடும் நாளில் பங்குச்சந்தைக்கு என்ன, எப்போது தெரிவிக்க வேண்டும் என்று கேட்டால் திணறுவார். சேரும் முன்பே அந்த அலுவலகத்துக்குப் பட்டியலிடப்பட்ட வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களா, செக்ரட்டேரியல் ஆடிட்டுக்குப் பயிற்சியாளரை அழைத்துப் போவார்களா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். இதில் தயங்க ஒன்றுமில்லை. எக்ஸிகியூட்டிவ் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல், தேர்வு முடிந்த ஜூலையிலேயே விண்ணப்பிக்கத் தொடங்கினால் செப்டம்பரில் இடம் கையில் இருக்கும். ரிசல்ட்டுக்குப் பிறகு தேடுபவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் அதே அலுவலகங்களின் கதவைத் தட்டுகிறார்கள்.