நான்கு கட்டத்தில் கேர் பிளான்: ஒன்றரை வருடம் எழுதிப் பார்த்த பிறகு

போன வாரம், காலேஜில் எனக்கு ஜூனியராக இருந்த ஒருத்தி போன் செய்தாள். “அக்கா, எங்க வார்டுலயும் கேர் பிளானை நாலு கட்டமா மாத்தச் சொல்றாங்க. நீங்க ஒன்றரை வருஷமா எழுதுறீங்களே, உண்மையைச் சொல்லுங்க, நல்லா இருக்கா?” என்றாள். டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, மீதியை எழுதி அனுப்புகிறேன் என்றேன். அந்த மீதிதான் இது.

பிரச்சினை, இலக்கு, பராமரிப்பு, மதிப்பீடு என்ற நான்கும் என்ன என்று நர்சிங் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்கும்போது ஆளுக்குப் பத்து கேர் பிளானாவது எழுதியிருப்போம். வேலைக்கு வந்ததும் அது மறந்துபோய், எல்லோரும் பத்தி பத்தியாக எழுதப் பழகிவிட்டோம். நான் சொல்ல வருவது அந்தப் பத்தியைப் பிரித்துக் கட்டங்களில் போட்டபோது என்ன ஆனது என்பதைத்தான்.

முதலில் எனக்குப் பிடித்தது. பழைய பத்தியை எடுத்து, நான்கு கலர் பேனாவால் அடிக்கோடு போட்டுப் பார்த்தோம். பிரச்சினைக்குச் சிவப்பு, இலக்குக்குப் பச்சை, செய்ததற்கு நீலம், பலனுக்குக் கறுப்பு. ஒரு பக்கம் முழுக்க நீலமாக இருந்தது, அங்கங்கே கொஞ்சம் சிவப்பு. பச்சை ஒரு கோடுகூட இல்லை. ஒன்பது நோயாளிகளின் தாள்களிலும் அப்படித்தான். நாங்கள் என்னென்ன செய்தோம் என்று எழுதியிருந்தோமே தவிர, அதனால் நோயாளிக்கு என்ன ஆக வேண்டும் என்று யாருமே எழுதவில்லை. பத்தியாகப் படித்தபோது அந்தக் குறை ஒரு நாளும் கண்ணில் படவில்லை. கட்டம் போட்டதும் வெற்றிடமாகத் தெரிந்தது. இதற்காக மட்டுமே இந்த முறையை நான் மதிக்கிறேன்.

இலக்கு எழுதும்போது எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. “2 மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது” என்று எழுதிவிடுவார்கள். அது நம் வேலை, இலக்கு இல்லை. இலக்கு வாக்கியத்தில் எழுவாய் நோயாளியாகவோ அவர் உடம்பாகவோ இருக்க வேண்டும். அளக்க முடிய வேண்டும், தேதி இருக்க வேண்டும். “புண் 7 நாளில் 3 × 2 செ.மீ.யிலிருந்து சுருங்கியிருக்கும்” என்பது இலக்கு. பிரச்சினைக் கட்டத்தில் “பக்கவாதம்” என்று போடுவதும் இதே மாதிரிதான். அது டாக்டரின் நோய் நிர்ணயம். நாம் கை வைத்து மாற்றக்கூடியது என்ன, எதனால் வந்தது, எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்ற மூன்றும் அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். அது நான்காவது கட்டம்.

போன மாதம் ஃபாரம் தீர்ந்து புதிதாக அச்சடித்து வந்தது. பராமரிப்புக் கட்டத்தை அகலமாக்கி, மதிப்பீட்டுக் கட்டத்தை இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். அதில் என்ன எழுத முடியும்? “கன்டினியூ சேம்.” முன்பே இந்த வியாதி இருந்தது, இப்போது அதற்கு இடம் செய்து கொடுத்தாகிவிட்டது. தாளைத் தாளாகப் புரட்டுகிறேன், எல்லாவற்றிலும் அதே இரண்டு வார்த்தைதான். சிலர் “பொசிஷன் மாற்றப்பட்டது” என்று எழுதுகிறார்கள். அது மூன்றாவது கட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. செய்தோம் என்பது மதிப்பீடு ஆகாது. செய்ததால் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

இதனால் என்ன நஷ்டம் என்று ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். வயது அறுபத்தெட்டு, வலது கை கால் அசைவில்லை, பேச்சு வரவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில்தான் உணவு. பின்இடுப்பில் இரண்டாம் நிலைப் படுக்கைப் புண்: மேல்தோல் உரிந்து, ஆழமில்லாமல், ஈரமான இளஞ்சிவப்பாக, 3 × 2 செ.மீ. படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணக்கிடும் பிராடன் ஸ்கோர் 12. பதினெட்டும் அதற்குக் கீழும் இருந்தாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்வோம், 12 என்பது அதிக ஆபத்து. முதல் நாள் இரவு ஒரு சீனியர் சிஸ்டர் பத்தியாக எழுதியிருந்த நோட்ஸ் இது:

“டியூப் பீட் 200 மி.லி. கொடுக்கப்பட்டது. தலைப்பக்கம் உயர்த்தினால் கீழே சறுக்கி வருகிறார், அதனால் பின்இடுப்பு உரசுகிறது. 2 மணிக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். இரவில் மகன் மட்டும் இருக்கிறார், அப்பாவைத் திருப்பப் பயப்படுகிறார்.”

காலையில் இதை நான்தான் கட்டங்களுக்கு மாற்றினேன். முதல் வரிசையில் புண், அதற்கு நேரே டிரஸ்ஸிங், 2 மணிக்கு ஒரு முறை திருப்புதல். இரண்டாவது வரிசையில் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து, அதற்கு நேரே “தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்தி வைக்கவும்”. இரண்டு வரிசையும் தனித்தனியே பார்த்தால் சரி. ஆனால் சிஸ்டர் எழுதிய “அதனால்” என்ற வார்த்தை எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை, விட்டுப்போனது. மகன் பயப்படுகிறார் என்ற வரியும் அப்படியே விட்டுப்போனது. அது பிரச்சினையா, பராமரிப்பா, எங்கே போடுவது என்று தெரியாமல் விட்டேன்.

நான்கு நாள் மதிப்பீட்டுக் கட்டத்தில் “கன்டினியூ சேம்” இருந்தது. திருப்பிய நேரங்களுக்கு எல்லா டிக்கும் விழுந்திருந்தது. ஐந்தாம் நாள் டிரஸ்ஸிங் மாற்றும்போது நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். 4 × 2. நீளவாக்கில் வளர்ந்திருந்தது. சறுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே எலும்பு கீழே நகரும். அந்த இழுப்பில் புண் ஒரு பக்கமாக நீளும். முதல் நாள் இரவே எழுதி வைத்திருந்த விஷயம் அது.

அன்று மத்தியானம் தாளைத் திருத்தினேன். பீட் ஓடும்போதும் முடிந்து ஒரு மணி நேரம் வரையும் 30 முதல் 45 டிகிரி. அதற்குப் பிறகு 30க்குள் இறக்கிவிடுவது. தலைப்பக்கம் உயர்த்தும் முன் முழங்கால் பக்கத்தை உயர்த்த வேண்டும், அப்போது சறுக்க மாட்டார். பக்கவாட்டில் முழுசாகப் படுக்க வைக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் வைப்பது. மேலே ஏற்றும்போது அக்குளில் பிடித்து இழுக்காமல், அடியில் குறுக்கே விரித்திருக்கும் டிரா ஷீட்டோடு இரண்டு பேர் தூக்குவது. மகனுக்குத் தனி வரிசையே போட்டேன்: திருப்பத் தெரியாததால் இரவில் அப்பா அசையாமல் கிடக்கிறார். இலக்கு, மூன்று நாளில் நாங்கள் பக்கத்தில் நிற்க அவர் ஒரு முறை சரியாகத் திருப்ப வேண்டும். மகனிடம் கேட்டபோது, அப்பா தூங்கினால் சிஸ்டரையும் “அப்புறம் வாங்க” என்று அனுப்பியதாகச் சொன்னார். டிக் மட்டும் நேரத்துக்கு விழுந்திருக்கிறது.

இன்னொன்றும் திருத்த வேண்டியிருந்தது. இலக்கில் “வேறு இடத்தில் சிவப்பு வராது” என்று எழுதியிருந்தேன். அவர் நல்ல கறுப்பு நிறம். அந்தத் தோலில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? புறங்கையால் தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ, சில சமயம் கொழகொழவென்றோ இருக்கிறதா, அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா என்றுதான் கண்டுபிடிக்க வேண்டும். இலக்கையும் அப்படியே மாற்றி எழுதினேன். பாடப்புத்தகத்து இலக்கை அப்படியே இறக்கினால் இந்த மாதிரி ஆகும்.

பன்னிரண்டாம் நாள் 2.5 × 1.5. பதினாறாம் நாள் வீட்டுக்குப் போகும்போது 1 × 1, புது இடம் எதுவும் இல்லை. மதிப்பீட்டுக் கட்டத்தில் அந்த எண்களை எழுத இடம் போதாமல் தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எந்தத் தாளானாலும் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். மூன்றாவது கட்டத்தை உள்ளங்கையால் மூடிவிட்டு, இலக்கையும் மதிப்பீட்டையும் மட்டும் படிப்பேன். கேள்வியும் பதிலும் போல இருக்க வேண்டும். இலக்கில் செ.மீ. இருந்தால் மதிப்பீட்டிலும் செ.மீ. இருக்க வேண்டும். அப்புறம் கையை எடுத்துவிட்டு, மூன்றாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே, வரிசைகளை மறந்து படிப்பேன். ஒரே உடம்புக்கு ஒரே நேரத்தில் செய்ய முடியாத இரண்டு வேலை அங்கே எதிரும் புதிருமாக நிற்கும். அவசரத்தில் குறுக்காக மட்டுமே படிப்பதால் அது தெரிவதில்லை.

நேரத்தைப் பற்றிக் கேட்டாள். முதல் மாதம் ஒரு நோயாளிக்கு நாற்பது நிமிடம் ஆனது. இப்போது பதினைந்து. ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர் சுருங்கிவிட்டது, புதிதாக வந்த பிள்ளைகள்கூடத் தடுமாறாமல் சொல்கிறார்கள். தணிக்கைக்கு வருகிறவர்களுக்கும் தேடிக் கொடுக்கச் சுலபம். இதெல்லாம் உண்மை, மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனாலும், இன்றைக்கு என்னைக் கேட்டால், மாற்றாதே என்றுதான் சொல்வேன். மூன்று நைட் தொடர்ந்து பார்த்துவிட்டு, முப்பது தாளில் “கன்டினியூ சேம்” படித்துவிட்டு எழுதுகிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள். நான்காவது கட்டம் மற்ற மூன்றின் அளவுக்கு அகலமாக இருக்கும் என்றும், அடியில் ஐந்து வரி சும்மா எழுத இடம் விடுவார்கள் என்றும் உங்கள் இன்சார்ஜ் ஒத்துக்கொள்ளும் வரை பத்தியிலேயே எழுது. அந்த ஐந்து வரி “அதனால்” என்ற வார்த்தைக்காக. எங்கள் ஃபாரத்தில் அது இல்லை. நான் தாளின் பின்பக்கத்தில் எழுதி, முன்பக்கத்தில் அம்புக்குறி போட்டு வைக்கிறேன். பின்பக்கம் ஸ்கேன் ஆவதில்லை.

அந்த அறுபத்தெட்டு வயதுக்காரரின் தாளை, பெயரையும் நம்பரையும் மறைத்து, திருத்தியதற்கு முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஃப். வந்தால், உன் வார்டுத் தாள் ஒன்றையும் பெயர் மறைத்து எடுத்து வா, பேனாவோடு உட்காரலாம்.