அட்வான்ஸில் 44,540 ரூபாய் பிடித்தம்: ஓனருக்கு நாங்கள் எழுதிய கடிதம்

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மடிப்பாக்கத்தில் நான்கு வருடம் குடியிருந்த வீடு. வாடகை 15,000, அட்வான்ஸ் பத்து மாத வாடகையான ஒன்றரை லட்சம். சாவி கொடுத்த அன்று ஓனர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு தம்பி, கணக்குப் பாத்து அனுப்பிடறேன்" என்றார். மூன்று வாரம் கழித்து வங்கியில் வந்து விழுந்தது 1,05,460. கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு துண்டுச் சீட்டின் படம்: பெயின்டிங் 28,000, கீசர் 8,500, கிளீனிங் 5,000, குழாய் அடைப்பு 1,800, கரண்ட் பில் 1,240.

போன் போட்டுக் கத்தியிருக்கலாம். அதைத்தான் முதலில் செய்யத் தோன்றியது. ஆனால் போனில் பேசினால் பேச்சு "நான் உங்களை எப்படியெல்லாம் வெச்சிருந்தேன்" என்று போய்விடும், பணம் பற்றிப் பேச்சே வராது. அதனால் மனைவியும் நானும் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். எழுதும் முன் பெயின்டிங்குக்கு பில் கேட்டோம். அவர் அனுப்பியது பில்லே இல்லை, பெயின்டிங் கான்ட்ராக்டர் கையால் எழுதிய எஸ்டிமேட். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மேல் மூலையில் தேதி தெரிந்தது. நாங்கள் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்னால்! அப்போது எங்கள் பீரோவும் கட்டிலும் சுவரை மறைத்துக்கொண்டு நின்றன, கான்ட்ராக்டர் யாரும் வீட்டுக்குள் வரவில்லை. சுவர் எப்படி இருக்கிறது என்று பார்க்காமலேயே 28,000 முடிவாகிவிட்டது. அந்த எஸ்டிமேட்டில் மாடிப்படி கிரில்லும் வெளிப்புறச் சுவரும் கூடச் சேர்ந்திருந்தன.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எந்த வேலை யார் பொறுப்பு என்று பிரித்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பக்கம். குழாய், வாஷர், அடைப்பு எடுப்பது, சுவிட்ச், கதவுப் பூட்டு, கீசர் ரிப்பேர் நம் பக்கம். ஆமாம், கீசர் ரிப்பேர் நம் பக்கம்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் "எதையும் தர முடியாது" என்று எழுதியிருந்தால் மொத்தக் கடிதமும் எடுபடாமல் போயிருக்கும்.

கடிதத்தை அப்படியே தருகிறேன், மேலே இருந்த முகவரியும் ஒப்பந்தப் பதிவு எண்ணும் மட்டும் நீக்கி:

"மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகள் குடியிருந்து, ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துக் காலி செய்தோம். நாங்கள் கொடுத்த முன்பணம் ரூ.1,50,000. அதில் ரூ.44,540 பிடித்திருக்கிறீர்கள். நாங்கள் ஏற்பதையும் மறுப்பதையும் கீழே எழுதுகிறோம்.

குழாய் அடைப்புக்கான ரூ.1,800ஐ முழுதாக ஏற்கிறோம். மின்கட்டணத்தில் நீங்கள் எடுத்திருப்பது இரண்டு மாதத்துக்கான முழு பில். பில்லில் உள்ள 410 யூனிட்டில், சாவி கொடுத்த அன்று எடுத்த மீட்டர் படத்தின்படி எங்களுடையது 310. அந்த விகிதத்தில் ரூ.940 எங்கள் பங்கு, மீதி ரூ.300 உங்களுடையது.

பெயின்டிங்: படுக்கையறையின் ஒரு சுவரில் குழந்தை கிரேயானால் கிறுக்கியது உண்மை. அந்த ஒரு சுவருக்கு, பட்டி பார்த்து இரண்டு கோட் அடிக்க, ரூ.2,000 தருகிறோம். மற்ற சுவர்களில் இருப்பது நான்கு வருடம் ஆட்கள் வாழ்ந்த வீட்டின் சாதாரணத் தேய்மானம். நம் ஒப்பந்தத்தின் 9ஆவது பிரிவு தேய்மானத்தை விலக்கியே வீட்டை ஒப்படைக்கச் சொல்கிறது. பெயின்டிங் செலவு வாடகைதாரருடையது என்று அதில் எங்கும் இல்லை. நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டின் தேதி நாங்கள் காலி செய்வதற்கு முந்தையது. அதில் கட்டடத்தின் வெளிப்புற வேலையும் சேர்ந்துள்ளது.

கீசர்: நாங்கள் குடியிருந்தபோது எலிமென்ட் போனது, எங்கள் செலவில் மாற்றினோம். பில் இணைத்துள்ளோம். இப்போது ஒழுகுவது டேங்க். கீசரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் உள்ள தயாரிப்பு மாதத்தின்படி அதற்கு வயது ஒன்பது. உப்புத் தண்ணீரில் ஒன்பது வருடம் ஓடிய டேங்க் அரித்துப்போவது ரிப்பேர் அல்ல, பொருளின் ஆயுள் முடிவு. புது கீசரின் விலையை எங்களிடம் வாங்குவது நியாயமில்லை.

கிளீனிங்: வீட்டைக் கழுவி ஒப்படைத்த வீடியோ இணைத்துள்ளோம். ரூ.5,000க்கு ரசீது எதுவும் நீங்கள் தரவில்லை.

ஆக நாங்கள் ஏற்பது ரூ.4,740. மீதி ரூ.39,800ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அதே வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். தவறினால், மேலே குறித்துள்ள வாடகை ஒப்பந்தப் பதிவு எண்ணுடன் வாடகை நீதிமன்றத்தை அணுகுவோம்."

இதில் கடைசி வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். இந்தச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். tenancy.tn.gov.in தளத்தில் பதிந்தால் ஒரு எண் வரும். பல ஓனர்கள் "அதெல்லாம் எதுக்குப்பா, பதினோரு மாச அக்ரிமென்ட் போதும்" என்பார்கள். எங்கள் ஓனரும் அதைத்தான் சொன்னார். மனைவி விடாப்பிடியாக நின்று பதிய வைத்தாள். பதியாமல் இருந்திருந்தால் எங்கள் மிரட்டலுக்குப் பல் இருந்திருக்காது.

கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டோம். மறுநாள் போன். "என்ன தம்பி, இத்தனை வருஷம் இருந்துட்டு லெட்டர் எல்லாம் போடுறீங்க?" என்றார். "சார், கணக்கு மட்டும்தான் கேட்கிறோம், உங்க மேல கோபம் இல்லை" என்றேன். எஸ்டிமேட் தேதியைப் பற்றிக் கேட்டதும் சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது சும்மா ஒரு கணக்குக்கு வாங்கினது" என்றார்.

கெடு முடியும் முன்பே 31,300 வந்தது. பெயின்டிங்கில் 26,000, கிளீனிங் 5,000, கரண்டில் 300. கீசர் பணம் வரவில்லை. "ரிப்பேர் உங்க பொறுப்புன்னு சட்டத்துலயே இருக்கு" என்று அவரும் அதே அட்டவணையைக் காட்டுகிறார். டேங்க் ஒழுகல் ரிப்பேரா, ஆயுள் முடிவா என்பதில் எங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நம்புகிறேன். ஆனாலும் 8,500க்காக வாடகை நீதிமன்றம் ஏறி இறங்குவதா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. மனைவி போகலாம் என்கிறாள். அந்த ஸ்டிக்கரின் படத்தைப் பிரிண்ட் போட்டு ஃபைலில் வைத்தாயிற்று.

நீங்கள் குடிபோகும்போது ஒப்பந்தத்தில் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் பல ஒப்பந்தங்களில் அது இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால் எங்கள் கடிதத்தில் உள்ள பெயின்டிங் வாதம் உங்களுக்கு இந்த அளவு உதவாது. கீசர், மோட்டார், சிம்னி எதுவானாலும் சாமான் இறக்கும் முன்பே ஸ்டிக்கரைப் படம் எடுத்து, அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.