மாடிப்படிக்கு எஸ்.எஸ். பந்து வாங்கி 10,800 ரூபாய் போச்சு

பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். படிக்கட்டுக் கைப்பிடித் தூண்களின் தலையில் வைக்க, உள்ளே காலியான 24 எஸ்.எஸ். பந்து, அதாவது எவர்சில்வர் உருண்டை, ஒன்று 450 ரூபாய், மொத்தம் 10,800. பணம் திரும்ப வராது என்று நேற்றுதான் முடிவாகத் தெரிந்தது. வயிறு எரிகிறது.

வாங்கியது கட்டுமானச் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில். வெளிவிட்டம் 100 மி.மீ., தகடு 2 மி.மீ., 304 கிரேடு என்று போட்டிருந்தது. போனில் பேசியவர் தமிழர். "அண்ணா, நானும் சேலம்தான். உங்களுக்குப் போய் மட்டமான சரக்கு தருவேனா?" என்றார். பாதியாக அறுத்த பந்தின் ஓரத்தில் தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்து வீடியோவும் அனுப்பினார். திரையில் 2.00 தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் பணம் போட்டேன்.

வெல்டர் முதல் பந்தைத் தூணில் பற்றவைத்ததுமே ஓட்டை விழுந்தது. "சார், இது ரெண்டு எம்எம் இல்ல" என்றார். இன்னொரு பந்தைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 246 கிராம்.

கணக்கு இதுதான். வெளி ஆரம் 5 செ.மீ., 2 மி.மீ. தகடு என்றால் உள் ஆரம் 4.8. இரண்டையும் தனித்தனியாக மும்மடியாக்கிவிட்டுக் கழிக்க வேண்டும்: 125 − 110.59 = 14.41. அதை 4.19-ஆல் (4π/3) பெருக்கினால் உலோகம் மட்டும் 60 கன செ.மீ. சொச்சம். இந்த ஸ்டீல் கன செ.மீ.க்கு சுமார் 8 கிராம். ஆக ஒரு பந்து 480 கிராம் இருக்க வேண்டும். வந்தது பாதி!

அந்தச் சேலத்துக்காரரிடம் கேட்டால், "உள்ளே காலி அண்ணா, எடை குறையத்தான் செய்யும்" என்றார். காலியைக் கழித்த கணக்குதான் இது. கெட்டிப் பந்தாக இருந்தால் 4 கிலோவைத் தாண்டும். மறுநாள் வேறொருவர் பேசினார்: "100-ல் 2 போனால் 98, உள்விட்டம் 98, எடை சரியாத்தான் இருக்கு சார்." ஒரு நிமிடம் நானே அசந்துவிட்டேன். விட்டத்தின் இரண்டு முனையிலும் சுவர் இருக்கிறதே! 2 மி.மீ. இரண்டு முறை கழிய வேண்டும், உள்விட்டம் 96. 98 என்றால் தகடு 1 மி.மீ.தான் என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி. இதைச் சொன்னதும், "பற்றவைத்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை" என்று வைத்துவிட்டார். ஒன்றைத்தானே பற்றவைத்தோம்? மீதி 23 பந்து பெட்டியிலேயே இருக்கிறது. அதற்குப் பதிலே இல்லை. 10,800 ரூபாய்!

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வீடியோவை நம்பாதீர்கள், ஒரு பந்தின் எடையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். தகட்டை அழுத்தி உருண்டையாக்கும்போது அங்கங்கே கொஞ்சம் மெலியும், அதனால் 30, 40 கிராம் குறைந்தால் சண்டை போட வேண்டாம். அடியில் நட்டு வைத்த பந்து என்றால் நட்டின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே நிறுத்துப் பாருங்கள், வெல்டர் கையில் கொடுக்கும் முன்னால்.